மூன்றாம் தந்தியை விட்டுவிடு

அத்தானுக்கு அறுபது வயது நிறைந்தபோது அக்கா மகன் ஒரு யோசனையோடு வந்தான். அப்பா கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில் ஓயாமல் கேட்ட பாட்டை அன்று மாலை பாட வேண்டும். ஆனால் டேப்பில் இருந்தபடி வேண்டாம், ஒரே ஒரு கிட்டாரை வைத்து மெதுவாகப் பாட வேண்டும். பாட்டு, நார்வேக்காரர்களான ‘ஆ-ஹா’ குழுவின் ‘டேக் ஆன் மீ’. 1985-ல் வெளிவந்து அந்த அக்டோபரில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பென்சில் கோட்டுச் சித்திரத்திலிருந்து ஒரு கை நீண்டு, தேநீர்க் கடையில் இருக்கும் பெண்ணைப் புத்தகத்துக்குள் இழுத்துக்கொள்ளும் வீடியோவை நினைவுபடுத்தினால் பலருக்குப் பிடிபட்டுவிடும். அத்தானிடம் அந்தக் கேசட் இன்னும் இருக்கிறது. சுழற்றத்தான் கருவி இல்லை.

மெதுவாக்கும் யோசனை அவனுடைய சொந்த யோசனை அல்ல. அதே குழு 2017 ஜூனில், கோடைச் சூரியன் மிகத் தாமதமாக அடையும் நாட்களில், நார்வேயின் கிஸ்கே தீவில் சிறு கூட்டத்தின் முன் மின்கருவிகளைக் குறைத்துக்கொண்டு தன் பழைய பாட்டுகளை வாசித்தது. இந்தப் பாட்டை அங்கே பாதி இறந்துபோனதுபோல மெதுவாகப் பாடினார்கள். பாடகர் மார்ட்டன் ஹார்கெட்டுக்கு அப்போது 57 வயது. இருபத்தைந்து வயதில் அவர் பாடியதைக் கேட்டால் ஒருவன் பெண்ணிடம் பந்தயம் கட்டுவதுபோல இருக்கும். ஐம்பத்தேழில் பாடியதைக் கேட்டால் பந்தயத்தில் தோற்றுப் பல வருடம் ஆனவனின் குரல்போல இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு, ‘பாட்டுக்குள் சோகம் முன்பே ஒளிந்திருந்தது, இப்போதுதான் வெளியே வந்தது’ என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். நாங்களே ஒன்றைச் செய்து பார்த்த பிறகு அந்த வாக்கியத்தை அவ்வளவு எளிதாகச் சொல்ல வரவில்லை. சோகம் ஒளிந்திருப்பதெல்லாம் சரிதான், அது பாட்டின் எந்த இடத்தில், எந்தச் சுரத்தில் ஒளிந்திருக்கிறது என்று கேட்டால் பதில் வேண்டுமே.

நான் இசைக்கலைஞன் அல்ல. பாளையங்கோட்டைப் பக்கம் கோயில் பாடகர் குழுவில் சிறுவயதில் நான்கு குரல் பாடிப் பழகியவன், ஓரளவு கிட்டார் தெரிந்தவன். பையனுக்குக் குரல் நன்றாக இருக்கும், கிட்டார் அவ்வளவு வராது. அதனால் அவன் பாட, நான் வாசிப்பது என்று முடிவானது.

முதல் நாள் செய்தது எல்லோரும் செய்யும் காரியம். மூலப்பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 169 அடி. மெட்ரோனோமை அதில் பாதியாக, 84-ல் வைத்தோம். அதே கார்டுகளை அதே வரிசையில் மெதுவாக வாசித்தேன், அவன் மெதுவாகப் பாடினான். பல்லவி வருவதற்குள் இரண்டு பேருக்குமே அலுத்துவிட்டது. மூலத்தில் பல்லவி பதினாறு பார், ஏறக்குறைய 23 விநாடியில் முடிந்துவிடும். பாதி வேகத்தில் அதுவே 45 விநாடி ஆகிறது. சொற்கள் ஒன்றையொன்று தெரியாதவைபோலத் தனித்தனியாக நிற்கின்றன. ஒரு சொல் காதில் விழுந்து அடுத்த சொல் வருவதற்குள் முந்தியது என்ன என்பது மறந்துபோகிறது. பையனுக்கு வாக்கியத்தின் நடுவில் மூச்சு முட்டியது. எனக்கோ ஒரு கார்டைத் தட்டிவிட்டு மூன்று விநாடி சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. கிட்டார் தந்தி வயலின் மாதிரி இழுத்துப் பிடிக்காது. மீட்டிய கணத்திலிருந்தே தேயத் தொடங்கிவிடும். மூலத்தில் அந்த மூன்று விநாடியை சிந்தசைசரும் லின்டிரம் என்ற தாள இயந்திரமும் நிரப்பிக்கொண்டிருந்தன. நாங்கள் அவற்றை எடுத்துவிட்டு, அவை நிரப்பிய இடத்தை மட்டும் இரண்டு மடங்கு ஆக்கிவிட்டோம்.

கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. வர்ணத்தை முதல் காலத்தில் பாடும்போது ஒரு சுரத்தின் மேல் கமகம் எவ்வளவு அசைகிறதோ, அவ்வளவும் இரண்டாம் காலத்தில் வராது, வரவும் இடமில்லை. வேகம் கூடக்கூட சுரம் மொட்டையாகிறது, குறையக்குறைய அசைவு கேட்கிறது. எங்கள் தெருவில் வீணை சொல்லிக்கொடுத்த ஒரு அம்மாள், நீண்ட சுரத்தைக் கம்பிபோல நிறுத்தும் பிள்ளையைப் பார்த்து, “என்னடி, தந்திக் கம்பத்துல காக்கா உட்கார்ந்த மாதிரி வச்சிருக்கே?” என்பார். நாங்கள் அன்று வாசித்தது கம்பம் கம்பமாகக் காக்கைதான்.

தீர்வு வேகத்தில் இருக்கவில்லை, தட்டில் இருந்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் வாசிப்பவர்களுக்கு இது அரிச்சுவடி. ராக் பாட்டில் ஒரு பாருக்கு நான்கு அடி, அதில் இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் ஸ்நேர் விழும். கேட்கிறவனின் கால் அந்த விழுதலைத்தான் பிடித்துக்கொள்கிறது. மூலத்தில் 0.7 விநாடிக்கு ஒரு முறை அது விழுகிறது. இப்போது மூலத்தின் இரண்டு பாரை ஒரு பாருக்குள் அடக்கி, மெட்ரோனோமை 72-ல் வைத்தால் என்ன ஆகிறது? ஸ்நேர் விழ வேண்டிய இடம் 1.7 விநாடிக்கு ஒரு முறையாகிவிடுகிறது, இரண்டு மடங்குக்கும் மேலே. ஆனால் பல்லவி பாட ஆகும் நேரம் 23-லிருந்து 27 விநாடிதான், ஆறில் ஒரு பங்கு கூடுதல். கேட்பவனின் உடம்பு பாட்டு பாதிக்கும் மேலே மெதுவாகிவிட்டது என்று நினைக்கிறது, பாடுகிறவனின் வாயோ ஏறக்குறைய பழைய வேகத்திலேயே வாக்கியத்தை முடித்துவிடுகிறது. சொற்கள் பிரியவில்லை, மூச்சு முட்டவில்லை. அன்று முதல் அவன் பாட்டு சொல்கிறவன்போலப் பாட ஆரம்பித்தான். அதற்கு முன்பு உச்சரிப்புப் பாடம் நடத்துகிறவன்போல இருந்தான்.

எரிக் கிளாப்டனின் ‘லைலா’வுக்கு நடந்ததும் இதன் ஒன்றுவிட்ட தம்பிதான். 1970-ன் மூலத்தில் இரண்டு மின்கிட்டார்கள் கத்தும், தாளம் நேர்கோட்டில் ஓடும். 1992 ஜனவரியில் எம்டிவி நிகழ்ச்சிக்காக அவர் அதை அகூஸ்டிக் கிட்டாரில் வாசித்தபோது வேகம் குறைந்தது உண்மை. ஆனால் காதுக்கு முதலில் தெரிவது அதுவல்ல. நேராக ஓடிய தாளம் ஷஃபிளாகி, ஒரு காலைச் சற்றே இழுத்து நடக்கிறவரின் நடையாகிவிட்டது. குரலும் தாழ இறங்கியது, மூலத்தின் இரண்டாம் பாதியான நீண்ட பியானோப் பகுதி காணாமலே போனது. அவர் வேகத்தைக் குறைத்தார் என்பதைவிட நடையை மாற்றினார் என்பதே சரி.

நடை சரியான பிறகுதான் கார்டுகளின் குற்றம் கேட்கத் தொடங்கியது. இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

பாட்டு ஏ மேஜரில் இருக்கிறது, நம் கணக்கில் ஆறு கட்டை. பல்லவியின் முதல் அடி மூன்றே சுரம். கீழ் ஸ்தாயி ஸட்ஜத்தில் தொடங்கி, ஒரே தாவலில் மேலே உள்ள காகலி நிஷாதத்துக்குப் போய், அங்கிருந்து அரைச் சுரம் ஏறி ஸட்ஜத்தைத் தொடுகிறது. ஸ, நி, ஸ. கீழே நிற்கிறவன் நேராக மாடிக்கு ஏறவில்லை. கடைசிப் படிக்கு ஒரு படி கீழே காலை வைத்து, அங்கே தடுமாறி, பிறகு ஏறுகிறான். இவ்வளவு பெரிய தாவல் எங்கள் கோயில் கீர்த்தனைகளில் கிடையாது, கச்சேரியிலும் அபூர்வம். அதைக் கோடிப்பேர் குளியலறையில் பாடினார்கள் என்பது இந்தப் பாட்டின் விசித்திரம். சோகம் எங்கே ஒளிந்திருக்கிறது என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: அந்த நிஷாதத்தில். எட்டியும் எட்டாமல் நிற்கிற இடம் அது. 169-ல் ஓடும்போது அங்கே ஒன்றரை விநாடிகூட நிற்பதில்லை, அதனால் அது வெறும் உந்துதலாகக் கேட்கிறது.

மூலத்தில் இந்த மூன்று சுரத்துக்கும் அடியில் வரும் கார்டுகள் ஏ, பிறகு ஜி ஷார்ப்பை பேஸில் வைத்த இ, பிறகு எஃப் ஷார்ப் மைனர், டி. குரல் நிஷாதத்தில் நிற்கும் அதே கணத்தில் பேஸும் நிஷாதத்தில் நிற்கிறது. வேகமான பாட்டில் இது பலம், குரலுக்குக் கீழே ஒரு ஆள் தோள் கொடுப்பதுபோல. மெதுவாக, ஒரே கிட்டாரில், அதே இடம் ஓட்டையாகக் கேட்டது. ஏன் என்று எனக்கு உடனே தெரிந்தது, காரணம் பாடகர் குழுவில் வாங்கிய திட்டு. நான்கு குரலுக்கு எழுதும்போது நிஷாதத்தை இரண்டு குரலுக்குக் கொடுக்கக் கூடாது என்பது பால பாடம். அது ஸட்ஜத்துக்குப் போகத் துடிக்கிற சுரம். இரண்டு பேர் ஒரே சமயத்தில் துடித்தால் துடிப்பு பெரிதாகாது, பொய்யாகிவிடும். முப்பது வருடமாக ரேடியோவில் கேட்டும் இந்தப் பாட்டில் இது என் காதில் படவில்லை. வேகம் எவ்வளவு மூடி மறைக்கிறது பாருங்கள்.

எனவே கார்டை மாற்றினேன். முதலில் கைக்கு வந்தது, எல்லோருக்கும் வருவதுதான். எஃப் ஷார்ப் மைனர், சி ஷார்ப் மைனர், டி. கணக்குப்படி குற்றமே இல்லை. மூன்று சுரமும் மூன்று கார்டுக்குள்ளும் பத்திரமாக உட்காருகின்றன. வாசித்துக் காட்டினேன். பையன் ஒருமுறை பாடிவிட்டு நிறுத்தினான்.

“மாமா, அப்பாவுக்குப் பிறந்தநாள். அடக்க ஆராதனை இல்ல.”

அவன் சொன்னது சரி. மைனர் கார்டு போட்டதும் பாட்டு அழுதுவிட்டது. அழுதபின் அதனிடம் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. இப்போது விளம்பரங்களிலும் சினிமா முன்னோட்டங்களிலும் எந்தத் துள்ளல் பாட்டை எடுத்தாலும் பியானோவில் மைனர் கார்டு போட்டு, காற்று கலந்த குரலில் பாட வைக்கிறார்கள். அதில் எனக்கு எப்போதும் ஒரு எரிச்சல் உண்டு. அந்தக் கோபத்தோடுதான் நானும் அதையே செய்திருக்கிறேன். சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கருவியை வைத்துவிட்டு மெட்டை மட்டும் பாடிப் பார்க்க வேண்டும். வெறும் மெட்டில் இல்லாத உணர்ச்சி கார்டோடு மட்டும் வருகிறது என்றால் அது கார்டு கொண்டுவந்து ஒட்டியது. நாங்கள் பாடிப் பார்த்தோம். வெறும் ஸ, நி, ஸ-வில் அழுகை இல்லை. ஒரு எட்டிப் பார்ப்பு இருந்தது.

அடுத்து முயன்றது கார்டை மாற்றாமலே இருப்பது. மூன்று சுரத்துக்கும் சேர்த்து ஒரே கார்டு, டி மேஜர் செவன். டி-யை ஆதாரமாக வைத்துக் கேட்டால் அந்த மூன்று சுரமும் பெயர் மாறிவிடுகின்றன. ஸ, நி, ஸ என்பது ப, ம, ப ஆகிறது. அதுவும் பிரதி மத்யமம். கல்யாணி கேட்டவர்களுக்கு அந்த மத்யமம் பஞ்சமத்தின் மடியில் எப்படிச் சாய்ந்திருக்கும் என்று தெரியும். மெட்டு ஒரு சுரம்கூட மாறவில்லை, ஆனால் தடுமாற்றம் தடுமாற்றமாகவே கேட்டது, விழுந்ததாகக் கேட்கவில்லை. கேட்டதும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஆனாலும் ஏதோ சரியில்லை. இரண்டு கோளாறு, இரண்டும் தந்தியில்.

முதல் கோளாறு: கார்டு தரையில் நிற்காமல் மிதந்தது. டி வாசிக்கும்போது கிட்டாரில் நான் தொடும் மிகக் கீழான தந்தி நான்காவது. அவன் பாடும் முதல் சுரமோ ஐந்தாம் தந்தியின் திறந்த ஒலி, அதற்கும் கீழே. அதாவது என் கிட்டாருக்கு அடியில் அவன் குரல் போய்விட்டது. யார் கீழே இருக்கிறாரோ அவர்தான் பேஸ், காது அதைப் பார்த்துத்தான் கார்டுக்குப் பெயர் வைக்கும். நான் டி வாசிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், அவன் என்னைத் தூக்கி ஏ-யின் மேல் உட்கார வைத்துவிட்டான். ஆறாம் தந்தியை ஒரு முழுச் சுரம் தளர்த்தி, இ-யிலிருந்து டி-க்கு இறக்கினேன். கிட்டார்காரர்கள் இதை ‘ட்ராப் டி’ என்பார்கள், பெரும்பாலும் கனமான ராக் வாசிக்கத்தான் செய்வார்கள். இப்போது பெருவிரல் ஆறாம் தந்தியைத் தட்டியதும் அவன் குரலுக்குக் கீழே தரை வந்தது. தளர்ந்த தந்திக்கு ஒரு லேசான நடுக்கமும் உண்டு, அது இந்தப் பாட்டுக்கு உதவியது.

இரண்டாம் கோளாறு: அவன் நிஷாதத்துக்கு ஏறும்போது ஒரு கரகரப்பு. அவன் குரல் சரியாகத்தான் நின்றது. நான் வாசித்த டி மேஜர் செவன் கார்டில் மூன்றாம் தந்தி இரண்டாம் கட்டத்தில் ஏ ஒலிக்கிறது. அவன் பாடுவது அதற்கு அரைச் சுரம் கீழே, அதே ஸ்தாயியில். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உரசுகின்றன. தம்புராவின் ஸட்ஜத்துக்கு எதிரே காகலி நிஷாதம் பாடினால் நமக்கு இனிக்கிறது, இங்கே மட்டும் ஏன் கசக்க வேண்டும் என்று எனக்கு முதலில் குழப்பம். தம்புராவின் ஸட்ஜம் பின்னணி, நான் மீட்டுவது குரலோடு சேர்ந்து விழும் அடி. ஒரே கணத்தில், ஒரே பலத்தில் இரண்டும் விழுந்தால் காதுக்கு எது மெட்டு என்று தெரியாது. ஒருவர் தப்பாகப் பாடுகிறார் என்றே அது முடிவு செய்கிறது, பழி எப்போதும் பாடுகிறவன் மேல்தான்.

விரலை ஒரு கட்டம் பின்னால் இழுத்து நானும் நிஷாதம் வாசித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது, ஆனால் பழைய தோள் கொடுக்கும் வேலை திரும்ப வந்தது. கடைசியில் மூன்றாம் தந்தியை வாசிக்காமலே விட்டேன். ஆறு, நான்கு, இரண்டு, ஒன்று. டி, டி, சி ஷார்ப், எஃப் ஷார்ப். நடுவில் ஒரு பல் விழுந்த சிரிப்பு மாதிரி ஒரு கார்டு. அந்த ஓட்டைக்குள் அவன் குரல் பஞ்சமமாக, மத்யமமாக, மறுபடி பஞ்சமமாக வந்து உட்கார்ந்தது. கார்டு அவனால்தான் முழுமையாகிறது. அவன் பாடாவிட்டால் அது வெறும் பொக்கை.

பல்லவியின் மற்ற மூன்று அடிகளுக்கும் பெரும்பாலும் பழைய கார்டுகளையே வைத்துக்கொண்டேன். ஆசைக்கு அளவில்லை. ஒரு இடத்தில் கண்டுபிடித்ததை நான்கு இடத்திலும் போடத் தோன்றும். போட்டுப் பார்த்தேன், இரண்டாவது முறையே அது தந்திரமாகிவிட்டது. முதல் அடி வீட்டைவிட்டு வெளியே நிற்க வேண்டும், அடுத்த அடி வீட்டுக்குள் வரவேண்டும் என்றால் வீடு அதே பழைய ஏ மேஜராக இருந்தால்தான் வந்த மாதிரி இருக்கிறது.

பாட்டின் பெயர் சொன்னதும் எல்லோர் வாயிலும் வரும் அந்த சிந்தசைசர் துண்டை என்ன செய்வது என்பது வேறு தலைவலி. கிட்டாரில் அப்படியே மீட்டினால் கைபேசி அழைப்புமணி மாதிரி இருக்கிறது. விட்டுவிட்டால் வந்தவர்களுக்குப் பாட்டே அடையாளம் தெரியாது. ஒவ்வொரு கார்டுக்கும் அதிலிருந்து ஒரே ஒரு சுரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை உதிர்த்தேன். த, நி, ஸ, த என்று நான்கு சுரம் மிஞ்சியது. பையனின் தங்கை அதை வயலினில் ஒரே வில் இழுப்பில் வாசித்தாள். தெரிந்தவர்களுக்கு அது துண்டின் எலும்பு, தெரியாதவர்களுக்கு ஒரு முன்னுரை.

மிச்சம் இருந்தது உச்சி. இந்தப் பாட்டைப் பாட நினைத்த எவருக்கும் தெரியும், பல்லவியின் கடைசிச் சொல்லில் ஹார்கெட் பொய்க்குரலில் மேலே போய் நிற்கும் இடம் மனிதர்களுக்கானது அல்ல. கீழ் ஸட்ஜத்திலிருந்து எண்ணினால் இரண்டு ஸ்தாயி தாண்டி அதற்கும் மேலே பஞ்சமம். கச்சேரியில் நல்ல குரல் உள்ளவர்களே மந்தர பஞ்சமம் முதல் தார பஞ்சமம் வரை இரண்டு ஸ்தாயியோடு நிறுத்திக்கொள்வார்கள், இது அதைவிட இன்னும் பாதி. சுருதியை மாற்றலாமே என்று கேட்பார்கள். மாற்றினால் ஏணி இடம் மாறும், ஏணியின் நீளம் குறையாது. நான்கு சுரம் இறக்கினோம், அவனுக்கு மேலே இன்னும் எட்டவில்லை, கீழே முதல் சுரம் வெறும் காற்றாகிவிட்டது. கீழ்ச் சுரத்தை விட எனக்கு மனமில்லை. மூலத்தில் தாளச் சத்தத்துக்குள் புதைந்து கிடக்கும் அந்த ஆழம், மைக்கை உதட்டருகே வைத்து மெதுவாகப் பாடும்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறது. மெதுவான வடிவத்துக்குக் கிடைத்த லாபம் அது.

அப்படியானால் மேலே உள்ளதைத்தான் விட வேண்டும். உச்சியை ஒரு ஸ்தாயி இறக்கி, சாதாரணக் குரலில் பாட வைத்தேன். ஏறிக்கொண்டே வந்த மெட்டு வாசல்வரை வந்து திரும்பிப் போனதுபோல இருந்தது. ஏமாற்றம் என்று அவன் முகமே சொன்னது. அன்றிரவு கிட்டாருக்கு சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது, பன்னிரண்டாம் கட்டத்துக்கு மேலே முதல் தந்தியை விரல்நுனியால் தொட்டும் தொடாமலும் வைத்து மீட்டினேன். சுருதி சரிபார்க்க எல்லோரும் செய்வதுதான், தந்தி சரிபாதியில் பிரிந்து ஒரு ஸ்தாயி மேலே மணிபோல ஒலிக்கும். ஒலித்தது இ. ஹார்கெட் நின்ற அதே இ, அதே ஸ்தாயி. அவன் பாட முடியாத சுரம் இத்தனை நாளும் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்திருக்கிறது. திறந்த ஐந்தாம் தந்தியில் தொடங்கும் மெட்டு முதல் தந்தியின் நடுப்புள்ளியில் முடிகிறது. ஏ மேஜரை விட்டு நகர்ந்திருந்தால், அல்லது கேப்போ மாட்டியிருந்தால், இது இப்படி வாய்த்திருக்காது.

கடைசிச் சொல்லை அவன் தாழ்ந்த ஸ்தாயியில், பேசுவதுபோலச் சொல்லி நிறுத்த வேண்டும். அரை அடி கழித்து மேலே அந்த மணி ஒலிக்க வேண்டும். இதில் இடறல் என்னவென்றால், விரலைச் சற்று அழுத்திவிட்டாலோ, ஒரு நூல் தள்ளி வைத்துவிட்டாலோ வரவேண்டிய மணிக்குப் பதில் ஒரு தட்டை ஓசை வரும், கிடைப்பது ஒரே வாய்ப்புத்தான். ஒத்திகையில் பத்துக்கு மூன்று முறை எனக்குத் தவறியது. தவறும்போதெல்லாம் பையன் ஒன்றும் சொல்லாமல் தலையைச் சொறிந்துகொள்வான், அது திட்டுவதைவிட மோசம்.

விழா அன்று வீட்டு மாடியில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். ஜெபம், கேக், அதன்பின் நாங்கள். வயலினின் நான்கு சுரத்தில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. முதல் சரணத்தின் பாதியில் அத்தானின் கல்லூரி நண்பர் ஒருவர் “ஏ, இது அதுல்லா!” என்றார். அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அத்தான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பல்லவிக்கு வந்தோம், ஆறாம் தந்தியைத் தட்டினேன், மூன்றாம் தந்தியை விட்டேன், பையன் குரல் கீழேயிருந்து தாவி அந்த மத்யமத்தில் நின்றது.

அப்போதுதான் கவனித்தேன். அத்தானின் வலது கை, பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. எங்கள் தாளத்தை அல்ல. எங்கள் ஒவ்வொரு அடிக்கும் நடுவில் இன்னொரு அடி போட்டு, பழைய கேசட்டின் தாளத்தை, ஸ்நேர் விழும் இடங்களோடு சேர்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பாட்டு அந்தத் தட்டுக்குள் கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தாமல் எப்படி இருக்கும், அதை இரண்டாக மடித்துத்தானே இதைச் செய்தோம். ஆனால் பையனும் அதைப் பார்த்துவிட்டான். அவன் பார்வை அப்பாவின் விரலிலிருந்து நகரவில்லை. இரண்டாம் சரணத்தில் அவன் முந்தத் தொடங்கினான், நான் பிடித்து இழுத்துப் பார்த்தேன், பிறகு நானும் கூடப் போனேன். கடைசி மணி ஒழுங்காக ஒலித்தது.

“மாப்ள, நல்லாத்தான் இருந்துச்சு. என்ன, கொஞ்சம் மெதுவாப் போயிட்டு” என்றார் அத்தான், கேக் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டே.

மறுநாள் பையன் கைபேசியில் எடுத்ததை அனுப்பியிருந்தான். மெட்ரோனோமை வைத்துச் சரிபார்த்தேன். 72-ல் தொடங்கியிருக்கிறோம். முடிக்கும்போது 81.